தீபாவளி விற்பனை தொடங்கும் காலையில் கடை ஆட்களிடம் பேசுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரை ஒட்டி எங்கள் துணிக்கடை இருக்கிறது. தீபாவளி விற்பனை தொடங்கும் சனிக்கிழமை காலையில், கதவைத் திறப்பதற்கு முன் ஆட்களை உட்கார வைத்து நான்கு நிமிடம் பேசுவேன். அந்தப் பேச்சை எப்படித் தயார் செய்வது, எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைத்தான் எழுதப் போகிறேன். 2025இல் நான் பேசியதை அப்படியே கீழே கொடுத்திருக்கிறேன். தேதியையும் விலையையும் மாற்றிக்கொண்டு உங்கள் கடைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பழைய சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு காலையில், "யாராவது ரொம்பக் கேட்டா கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். மதியத்துக்குள் அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். கடைக்கு வெளியே அஞ்சடியில் நின்று பில்லை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே சேலை, நிறம் மட்டும் வேறு. ஒருவருக்கு 126 வெள்ளி, இன்னொருவருக்கு 115 வெள்ளி. விற்ற இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஒருத்திக்குக் "கொஞ்சம்" என்றால் பதினொரு வெள்ளி, இன்னொருத்திக்கு ஒன்றுமே இல்லை. அந்த அளவை நான் சொல்லவே இல்லை. பதினொரு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் கொடுத்ததை அங்கே நின்ற எல்லாரும் பார்த்தார்கள், அடுத்த ஒரு மணி நேரம் கல்லாவில் பேரம்தான் நடந்தது.

அதிலிருந்து இந்தப் பேச்சுக்கு ஒரே வேலைதான் வைத்திருக்கிறேன். ஆட்கள் எதைத் தாங்களே முடிவு செய்யலாம், எதை என்னிடம் அனுப்ப வேண்டும் என்ற எல்லையை எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் போடுவது. உற்சாகம் அதில் தானாக வந்துவிடும். வாடிக்கையாளர் கேட்கும்போது திருதிருவென்று விழிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தாலே ஆட்களுக்குத் தெம்பு வரும்.

முதல் படி: இரண்டு நாளுக்கு முன் கேள்விகளைச் சேகரிப்பது

வியாழக்கிழமை சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரத்தில், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "போன வருஷம் எதைக் கேட்க என்கிட்ட அடிக்கடி ஓடி வந்தே?" பல வருஷம் இருக்கிற அக்காமார்கள் யோசிக்காமல் சொல்வார்கள். பகுதி நேரத்துக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் போன வருஷம் தெரியாது. அவர்களிடம், "நீயே உங்கம்மாவோட சேலை எடுக்க வந்தா என்னென்ன கேப்பே?" என்று கேட்பேன். அவர்கள் சொல்வது பல சமயம் அக்காமார்கள் சொல்வதை விடக் கூர்மையாக இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு கேள்வி சேரும். அவற்றில் எல்லாருக்கும் தேவையானது எது, இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தேவையானது எது என்று பிரிக்க வேண்டும். பேச்சு நீண்டு போவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பிரிப்பைச் செய்யாததுதான். உதாரணத்துக்கு, கியூஆர் வழியாகப் பணம் கட்டினால் வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்பாமல், கடை போனில் பணம் வந்த தகவலைப் பார்த்த பிறகுதான் பையைக் கொடுக்க வேண்டும். ரொம்ப முக்கியம்தான், ஆனால் அது கல்லாவில் நிற்கும் இரண்டு பேருக்கு மட்டும் உரியது. அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுவேன். சனிக்கிழமை காலையில் மாடியில் ஜிப்பா விற்கும் தம்பியை உட்கார வைத்து அதைச் சொன்னால், அவன் அதைக் கேட்கும் நேரத்தில் தனக்குத் தேவையானதை மறந்துவிடுவான்.

இரண்டாம் படி: மூன்றே விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை

துணிக்கடையில் எல்லாருக்கும் பொதுவாக வருவது மூன்று: விலை, மாற்றிக் கொடுப்பது, பிளவுஸ் தைப்பது. நகைக் கடையிலோ பலகாரக் கடையிலோ இது வேறாக இருக்கும். ஆனால் மூன்றுக்கு மேல் போகாதீர்கள். நான்காவதைச் சொன்ன ஆண்டுகளில் இரண்டாவது மறந்து போயிருக்கிறது.

விலையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சண்டை அங்கேதான் தொடங்கும். எங்கள் விற்பனையில் சேலைக்கு முப்பது விழுக்காடு கழிவு, இரண்டு சேலை எடுத்தால் அதன்மேல் பத்து விழுக்காடு. கேட்பவர்கள் உடனே இரண்டையும் கூட்டி "அப்ப நாற்பது" என்பார்கள். 180 வெள்ளிச் சேலை இரண்டு என்றால் 360. நாற்பது கழித்தால் 216. ஆனால் எங்கள் கணக்கு வேறு. ஒரு சேலை முப்பது கழித்து 126, இரண்டும் சேர்ந்து 252, அதில் பத்துக் கழித்து 226.80. வித்தியாசம் 10.80 வெள்ளி. கல்லாவில் இது தெரிய வரும்போது வாடிக்கையாளருக்கு ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கும், விற்ற பெண்ணுக்குத் தலைகுனிவு.

இதற்கு இரண்டு வேலை செய்தோம். ஒன்று, முப்பது கழித்த விலையைச் சிவப்பு மையில் டேக்கிலேயே எழுதிவிட்டோம், பழைய விலை அதற்கு மேல் கோடு போட்டுத் தெரியும். இனி யாரும் மனக்கணக்குப் போட வேண்டாம். இரண்டு, "நாற்பது" என்ற சொல்லைக் கடையில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். பேச்சில் சொல்ல வேண்டியது அந்த இரண்டு வாக்கியம்தான். கணக்கை விளக்க உட்காராதீர்கள், காலையில் யார் மனசிலும் நிற்காது.

மாற்றிக் கொடுப்பதில் பினாங்குக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வருபவர்களில் நிறையப் பேர் தீவுக்காரர்கள் இல்லை. சுங்கை பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் குடும்பமாக வேன் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வருகிறார்கள். "மூன்று நாளில் மாற்ற வேண்டும்" என்றால் அவர்களுக்கு மாற்றவே முடியாது என்றுதான் அர்த்தம். அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரே தேதி வைத்தோம். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். மாற்றுவதற்குக் கடைசி நாள் அக்டோபர் 12, ஞாயிறு. எப்போது வாங்கியிருந்தாலும் அதே தேதி என்பதால் ஆட்கள் பில்லைப் பார்த்து விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை, ஊரிலிருந்து வருபவர்களுக்கும் இன்னொரு வார இறுதி கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனசு மாறி மாற்றுவது வேறு, துணியில் குறை இருப்பது வேறு. கிழிசல், கறை, சாயம் ஒட்டுவது போன்றவற்றுக்கு "தேதி முடிந்துவிட்டது" என்று கைகழுவ முடியாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு கடைக்கு உண்டு. சுவரில் அறிவிப்பு ஒட்டினாலும் அந்தப் பொறுப்பு போகாது. பதினெட்டு வயதுப் பிள்ளை இதை முடிவு செய்ய முடியாது, அதனால் குறை என்று வந்தால் நேரே என்னிடம். எல்லை அவ்வளவுதான்.

பிளவுஸ் தேதியை எப்படிப் போட்டோம் என்றும் சொல்கிறேன். எங்களுக்குத் தைக்கும் இரண்டு பேர், லைனிங் வைத்த பிளவுஸ் ஆளுக்கு நாளைக்கு ஐந்து முடிப்பார்கள். விற்பனை தொடங்கும் செப்டம்பர் 27இலிருந்து அக்டோபர் 5 வரை ஒன்பது நாளில் தொண்ணூறு, அதன் பிறகு 15ஆம் தேதி வரை பத்து நாளில் நூறு. மொத்தம் நூற்றுத் தொண்ணூறு. போன ஆண்டு அதே ஒன்பது நாளில் வந்தது நூற்று எழுபது சொச்சம். அதனால் அக்டோபர் 5 வரை வாங்கலாம், 15க்குப் பிறகு நான்கு நாள் கை பிடிப்பு, கழுத்துத் தளர்வு என்று திருத்தங்களுக்கு ஒதுக்கலாம். இந்தக் கணக்கைப் போடாமல் "முடிஞ்ச வரைக்கும் வாங்குங்க" என்று சொன்னால், தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி தையல் மெஷின் முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். வாடிக்கையாளர் சேலையைத் தேர்ந்தெடுத்து, பில் போட்ட பிறகு "தைக்க எடுக்கல" என்று சொல்வது பெரிய துரோகம். அதனால் மடிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசுவேன்.

மூன்றாம் படி: எழுதி, சத்தமாக வாசித்துப் பார்ப்பது

சேலைப் பெட்டியின் அட்டை ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வெட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் கடிகாரத்தை வைத்துச் சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். மனசுக்குள் வாசித்தால் இரண்டு நிமிடம் மாதிரி தெரிவது வாயால் சொல்லும்போது நான்காகிவிடும். வாசிக்கும்போது நாக்குத் தடுக்கிற இடம் எதுவோ, அதுவே ஆட்களுக்குப் புரியாத இடமாகவும் இருக்கும். அதைப் பேசுகிற தமிழில் மாற்றி எழுதுங்கள்.

நான்காம் படி: காலை நேரம், இடம், சாமி கும்பிடுவது

ஆட்களை ஒன்பது மணிக்கு வரச் சொல்வேன். ஒன்பதேகாலுக்குப் பேச்சு, ஒன்பதரைக்குக் கதவு. எங்கள் தெருவில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பாட்டுக் கடை ஸ்பீக்கர் போட்டுவிட்டால் அப்புறம் கடைக்குள்ளேயே கத்தித்தான் பேச முடியும்.

சூடம் காட்டிச் சாமி கும்பிடுவதையும் பேச்சையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். எங்கள் கல்லாவில் பல வருஷமாக ஒரு மலாய் அக்கா இருக்கிறார், நாங்கள் எல்லாரும் காக் என்றுதான் கூப்பிடுவோம். மணியடித்து, சூடம் காட்டி, விபூதி எடுத்து எல்லாம் முடிந்த பிறகு, அவர் வந்து உட்கார்ந்ததும்தான் பேச்சைத் தொடங்குவேன். பூஜையோடு சேர்த்துப் பேசினால் அவர் ஓரமாக நிற்க வேண்டி வரும். பணத்தை வாங்குகிறவர் ஓரமாக நின்று கேட்கக் கூடாது.

நம்முடைய பழைய கடைவீடுகள் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். கல்லாவில் நின்று பேசினால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. நடுவில், ஏணிப்படி பக்கம் நின்றுகொள்ளுங்கள். அப்புறம், எல்லாரையும் ஸ்டூலில் உட்காரச் சொல்லுங்கள். இரவு வரை நிற்கப் போகிற கால்கள், இப்போதே நிற்க வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பேச்சு

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை காலையில் சொன்னது இது.

"எல்லாரும் பசியாறியாச்சா? பசியாறாதவங்க பின்னால போய் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் மேல போகணும்.

தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் இருபத்து மூணு நாள் இருக்கு. நிறையப் பேருக்கு இன்னும் சம்பளம் வரல. இன்னைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் பார்க்கத்தான் வருவாங்க. பத்துச் சேலை விரிச்சுக் காட்டி, ஒண்ணும் எடுக்காமப் போனாலும் பரவாயில்ல. அடுத்த சனிக்கிழமை அவங்கதான் அம்மாவையும் அண்ணியையும் கூட்டிட்டு வருவாங்க. நல்லா காட்டுங்க.

மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, விலை. டேக்ல சிவப்புல எழுதியிருக்கிறதுதான் விலை. ரெண்டு சேலை எடுத்தா அந்தச் சிவப்பு விலையில இன்னும் பத்து விழுக்காடு. அவ்வளவுதான். நாற்பதுன்னு யாரும் சொல்லாதீங்க. அதுக்கு மேல குறைக்கச் சொன்னா, 'எல்லாருக்கும் இதே விலைதாங்க'ன்னு சொல்லுங்க. விடாமக் கேட்டா என்கிட்ட அனுப்பிடுங்க.

ரெண்டு, மாத்தறது. பில்லும் டேக்கும் இருந்தா அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிறு வரைக்கும் நீங்களே மாத்திக் கொடுக்கலாம். என்னைக் கேட்க வேண்டாம். வெட்டின துணியை மாத்த முடியாது, அதனால கத்தரிக்கோல் வைக்கிறதுக்கு முன்னாடி 'வெட்டலாமா?'ன்னு ஒரு வாட்டி கேளுங்க. கிழிசல், கறைன்னு கொண்டு வந்தா தேதி பார்க்காதீங்க. வாக்குவாதம் வேண்டாம். நேரா என்கிட்ட.

மூணு, பிளவுஸ். தைக்க அக்டோபர் அஞ்சு, ஞாயிறு வரைக்கும்தான் வாங்குவோம். அதுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு, சேலையை மடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

காக், ஹார்கா மேரா இத்து ஹார்கா ஆஹிர். துகார் சம்பாய் டுவா பெலாஸ் ஒக்டோபர், யா?

சாப்பாட்டு நேரம் ஏணிப்படி பக்கம் ஒட்டியிருக்கு. பதினொன்றரைக்கு முதல் ரெண்டு பேர், ரெண்டு மணிக்குக் கடைசி. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் உங்க நேரம் வந்தா போயிடுங்க. உங்க இடத்துல நான் நிக்கிறேன்.

தங்கச்சி, ரெண்டு சேலை எடுத்தவங்க 'மொத்தம் நாற்பதுதானே'ன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கடையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் மற்ற எல்லாருக்கும் புரிந்திருக்கும். தடுமாறினால் அவரைத் திருத்தாதீர்கள், நீங்களே அந்த வரியை இன்னொரு முறை சொல்லுங்கள். அன்று அந்தப் பிள்ளை, "சிவப்பு விலையில பத்து கழிப்போம்னு சொல்வேண்ணே" என்றது. சரி, கதவைத் திறங்க என்றேன்.

சாப்பாட்டு நேரத்தைப் பேச்சில் சேர்ப்பது நல்லெண்ணத்துக்காக மட்டும் இல்லை. இடைவேளை இல்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. கூட்ட நாளில் ஆட்கள் தாங்களாகவே சாப்பாட்டைத் தள்ளிப் போடுவார்கள். "உங்க இடத்துல நான் நிக்கிறேன்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னால்தான் நம்பிப் போவார்கள். சொன்னால் நிற்கவும் வேண்டும். ஒரு தடவை நிற்காவிட்டால் அந்த வரிக்கு அடுத்த ஆண்டு மதிப்பு இல்லை.

பேச்சில் வரக் கூடாதவை

இன்றைக்கு இத்தனை ஆயிரம் வெள்ளி விற்க வேண்டும் என்ற இலக்கைச் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிறகு ஆட்கள் பார்க்க வந்தவர்களை நெருக்குவார்கள், அடுத்த சனிக்கிழமை அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். நேற்று ஒருவர் செய்த தப்பையும் எடுக்காதீர்கள். அந்த ஒருவர் அன்று முழுக்க முகம் வாடி நிற்பார், மற்றவர்கள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போனஸ் பற்றி வாய்வார்த்தையாக எதுவும் சொல்லவே கூடாது. "நல்லா வித்தா எல்லாருக்கும் ஏதாவது செய்றேன்" என்று ஒரு ஆண்டு சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரும் மனசில் ஒரு தொகையை வைத்துக்கொண்டார்கள். நான் கொடுத்தது குறைவில்லை, ஆனால் அவர்கள் நினைத்ததற்கு ஒத்துவரவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் கவரைப் பிரித்த ஒரு அக்கா ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை. கொடுப்பதாக இருந்தால் தொகையையும் நாளையும் முடிவு செய்து, எழுதி, தனியாகக் கொடுங்கள்.

ஆறாம் படி: பேச்சு வேலை செய்ததா என்று பார்ப்பது

பில் புத்தகத்தின் பின் அட்டையில், ஆட்கள் என்னிடம் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வார்த்தையாகக் குறித்து வைப்பேன். பதினொரு மணிக்கு அதைப் பார்ப்பேன். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருந்தால், அதைப் பேச்சில் விட்டுவிட்டேன் அல்லது புரியாமல் சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம். எல்லாரையும் மறுபடி கூட்ட முடியாது. அதனால் பதினொன்றரைக்குச் சாப்பிடப் போகும் முதல் இரண்டு பேரிடம் பதிலைச் சொல்லி, வந்து உட்காரும் அடுத்த இருவரிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்வேன். இரண்டு மணிக்குள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

செப்டம்பர் 27 அன்று "குழந்தை" என்ற சொல் நான்கு முறை விழுந்திருந்தது. பாவாடை தாவணிக்கும் சின்னப் பிள்ளைகள் ஜிப்பாவுக்கும் அந்தப் பத்து விழுக்காடு உண்டா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் சேலையை மட்டும் நினைத்து எழுதியிருந்தேன். "சேலைக்கு மட்டும்" என்ற இரண்டு சொல்லைச் சாப்பாட்டு வரிசை வழியாக அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 4. சம்பளம் வந்துவிட்டது, பெரிய கூட்டம் அன்றுதான். அதே அட்டையை எடுத்துக்கொண்டேன். "பார்க்கத்தான் வருவாங்க" என்ற பத்தியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு வரி எழுதினேன்: "இன்னைக்கு வாங்கத்தான் வருவாங்க, முதல்ல வந்தவங்களை முதல்ல கவனிங்க. பிளவுஸுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள், கேட்காட்டியும் சொல்லிடுங்க."